டாக்ட்ரினலா, எம்பிரிக்கலா? எல்எல்.எம். வைவாவில் ஆய்வுமுறைக் கேள்விகளுக்குத் தயாராக ஒரு வழிகாட்டி

எல்எல்.எம். ஆய்வேட்டை முடித்து வைவாவுக்குத் தேதி வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். புறத்தேர்வாளர் திறப்பதோ முதல் அத்தியாயத்தின் கடைசி நான்கைந்து பக்கங்களை. ஆய்வுச் சிக்கல், ஆய்வுக் கேள்விகள், கருதுகோள், ஆய்வுமுறை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. "உங்க ஆய்வு டாக்ட்ரினலா, எம்பிரிக்கலா?" என்று கேட்பார். "ரெண்டும் சார்" என்று சொல்லிவிட்டால் அடுத்த பதினைந்து நிமிடமும் அந்த "ரெண்டும்" என்ற சொல்லைச் சுற்றியே ஓடும்.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு எப்படித் தயாராவது என்பதுதான் இந்தக் கட்டுரை. சட்ட வாசகங்களையும் தீர்ப்புகளையும் படித்து, சட்டம் என்ன சொல்கிறது என்று நிறுவுவது டாக்ட்ரினல். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று தரவு திரட்டிக் காட்டுவது எம்பிரிக்கல். இந்த வரையறை எல்லாருக்கும் தெரியும், இதைச் சொல்வதால் மதிப்பெண் வராது. உங்கள் தலைப்பில் எந்தக் கேள்விக்கு எது தேவைப்பட்டது, ஏன் மற்றது போதவில்லை என்று காட்டினால்தான் வரும். அதனால் ஒரே ஒரு தலைப்பைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: காசோலை திரும்பிய வழக்குகளில் இடைக்கால இழப்பீடு, அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் 143ஏ பிரிவு.

பிரிவு சொல்வது இது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை மறுத்த பிறகு, காசோலைத் தொகையில் 20 சதவீதத்துக்கு மிகாமல் புகார்தாரருக்கு இடைக்கால இழப்பீடு தரும்படி நடுவர் உத்தரவிடலாம். 60 நாளில் கட்ட வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். இது 2018 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது.

1. உங்கள் ஆய்வுக் கேள்விகளை முதலில் பிரித்துவிடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே "இதற்குப் பதில் எங்கே கிடைக்கும்?" என்று எழுதுங்கள். நம் தலைப்பில் இரண்டு கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: 143ஏ பிரிவில் உள்ள "உத்தரவிடலாம்" என்பது நடுவரின் விருப்புரிமையா, கட்டாயமா? இதற்குப் பதில் சட்ட வாசகத்திலும் தீர்ப்புகளிலும் இருக்கிறது. ஆயிரம் நடுவர்களைப் பேட்டி கண்டாலும் இந்தப் பதில் மாறாது.

இரண்டாவது கேள்வி: இழப்பீடு கேட்டு வரும் மனுக்களில் நடுவர்கள் எத்தனைக்கு அனுமதி தருகிறார்கள், காரணம் எழுதுகிறார்களா? இதற்குப் பதில் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் கிடையாது. ஆணைகளை எடுத்து எண்ணத்தான் வேண்டும்.

இங்கேதான் இரண்டு பக்கமும் வழுக்கும். "உச்ச நீதிமன்றம் விருப்புரிமை என்று சொல்லிவிட்டது, எனவே நடுவர்கள் ஒவ்வொரு வழக்கையும் பரிசீலித்தே உத்தரவிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தால், தீர்ப்பை வைத்து நடைமுறையை நிரூபித்ததாக ஆகிவிடும். "பெரும்பாலான ஆணைகளில் 20 சதவீதம் தந்திருக்கிறார்கள், எனவே 20 சதவீதம்தான் விதி" என்று எழுதியிருந்தால், வழக்கமாக நடப்பதைச் சட்டமாக்கியதாக ஆகிவிடும். உங்கள் முடிவுரையில் "எனவே" வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிட்டு, இந்தத் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வாளரும் அதைத்தான் தேடுவார்.

கருதுகோளுக்கும் இதே சோதனை உண்டு. "143ஏ பிரிவு சரிவர அமல்படுத்தப்படவில்லை" என்பதைப் பொய் என்று காட்ட வழியே இல்லை. "தேர்ந்தெடுத்த காலத்தில், அனுமதி தந்த ஆணைகளில் பாதிக்கு மேல் எதிர்த்தரப்பு வாதத்தைப் பரிசீலித்த குறிப்பு இல்லை" என்று எழுதினால் எண்ணிச் சரிபார்க்கலாம், தவறாகவும் போகலாம். தவறிப் போனாலும் கவலையில்லை, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

2. "முதன்மை ஆதாரம்" என்ற சொல்லில் சிக்காதீர்கள்

சட்டத்துறையில் முதன்மை ஆதாரம் என்றால் சட்டமும் தீர்ப்பும். நூல்களும் கட்டுரைகளும் துணை ஆதாரம். சமூக அறிவியலில் முதன்மைத் தரவு என்றால் நீங்களே நேரில் திரட்டியது. இரண்டு பொருளையும் கலந்து ஒரே பத்தியில் எழுதிய ஆய்வேடுகள் ஏராளம்.

நம் தலைப்பில் இந்தக் கலப்பு இன்னும் நுட்பமானது. ஒரு நடுவர் பிறப்பித்த 143ஏ ஆணை உங்கள் கையில் இருக்கிறது. அதை முன்தீர்ப்பாக மேற்கோள் காட்ட முடியாது, அது வேறு எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. அதே ஆணையை நீங்கள் எண்ண எடுத்துக்கொண்ட ஆணைகளில் ஒன்றாக அட்டவணையில் பதிவு செய்தால் அது தரவு. காகிதம் ஒன்றுதான், வேலை வேறு. "நீதிமன்ற ஆணைகளைப் படித்ததால் என் ஆய்வு டாக்ட்ரினல்" என்று சொன்னவரிடம் தேர்வாளர் அடுத்துக் கேட்பது, "என்ன செய்வதற்காகப் படித்தீர்கள்?" என்பது. அந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று. "நான்-டாக்ட்ரினல்" என்பதையும் "எம்பிரிக்கல்" என்பதையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். ஆய்வேடு முழுக்க ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

3. டாக்ட்ரினல் பகுதி: உங்களுக்கு எதிரான தீர்ப்பை நீங்களே எடுத்து வையுங்கள்

"தீர்ப்புகளைப் பகுப்பாய்வு செய்தேன்" என்பது முறை ஆகாது. எந்தத் தீர்ப்புகளை, எந்தத் தேடலில், எந்தத் தேதிவரை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். தேடிய சொற்களையும் கடைசியாகத் தேடிய தேதியையும் ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பிறகு முரண்பாடு. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் எல்.ஜி.ஆர். எண்டர்பிரைசஸ் எதிர் பி. அன்பழகன் வழக்கில், இது விருப்புரிமை, உத்தரவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்றது. சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் 2021இல் ராஜேஷ் சோனி எதிர் முகேஷ் வர்மா வழக்கில் இதைக் கட்டாயம் என்று படித்தது. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 15 அன்று ராகேஷ் ரஞ்சன் ஸ்ரீவஸ்தவா எதிர் ஜார்க்கண்ட் மாநிலம் வழக்கில் விருப்புரிமைதான் என்று முடித்துவைத்தது. புகாரின் முகாந்திரத்தையும் எதிர்த்தரப்பு வாதத்தையும் மேலோட்டமாகவாவது எடைபோட வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரின் பண நெருக்கடியையும் பார்க்கலாம், சுருக்கமாகக் காரணம் எழுத வேண்டும் என்றும் சொன்னது.

இதை ஒப்பித்துவிட்டு நிறுத்தினால் கண்டிப்பாக வரும் கேள்வி: "148ஆம் பிரிவிலும் 'உத்தரவிடலாம்' என்றுதானே இருக்கிறது? 2019இல் சுரிந்தர் சிங் தேஸ்வால் வழக்கில் அதைக் கிட்டத்தட்டக் கட்டாயமாகப் படித்தார்களே, அதே சொல்லுக்கு இங்கே ஏன் வேறு பொருள்?" இதற்கான பதில்தான் டாக்ட்ரினல் முறையின் உயிர். 148 மேல்முறையீட்டுக் கட்டத்துக்கு உரியது, அங்கே குற்றம் நிரூபணமாகித் தண்டனை வந்துவிட்டது. 143ஏ வரும் கட்டத்தில் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் அது நிற்கும் இடம் வேறு. 148இலும் விதிவிலக்குக்கு இடம் உண்டு என்று 2023இல் ஜம்பூ பண்டாரி வழக்கில் சொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை என்பது தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

4. எம்பிரிக்கல் பகுதி: எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று சட்டம் சொல்லட்டும்

இரண்டு முறைகளும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருப்பவை என்று நினைத்து எழுதுவதுதான் பெரிய குறை. உண்மையில் டாக்ட்ரினல் பகுதி முடிந்தால்தான் எண்ணவே தொடங்க முடியும். 143ஏ பின்னோக்கிச் செல்லாது என்று 2019இல் ஜி.ஜே. ராஜா எதிர் தேஜ்ராஜ் சுரானா வழக்கில் தீர்ப்பு வந்தது. எனவே 2018 செப்டம்பர் 1க்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது. குற்றத்தை மறுக்கும் கட்டம் வருவதற்கு முன்பே போட்ட மனுக்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ஆணைகளை வகைப்படுத்த ராகேஷ் ரஞ்சன் தீர்ப்பு சொன்ன காரணிகளையே அட்டவணைத் தலைப்புகளாக வைக்கலாம்: புகாரின் முகாந்திரம் பார்த்தாரா, எதிர்வாதம் பார்த்தாரா, பண நெருக்கடி பார்த்தாரா, வெறும் பிரிவை மட்டும் சொல்லி முடித்தாரா.

இனி எண்கள். கீழே வருபவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள், எந்த நீதிமன்றத்தின் புள்ளிவிவரமும் அல்ல.

ஒரு மாவட்டத்தின் மனுப் பதிவேடுகளில் உங்கள் காலவரம்புக்குள் 600 மனுக்கள் இருக்கின்றன. எத்தனை எடுத்தால் போதும்? 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு என்றால், எல்லையில்லாத் தொகுதிக்கு 384 தேவை. 600 மட்டுமே இருப்பதால் அது குறையும்:

```
384 / (1 + 383/600) = 234.4
```

ஆக 235. "ஏன் 235?" என்று கேட்டால் இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். "நெறியாளர் சொன்னார்" என்பது பதில் ஆகாது.

அடுத்து, எந்த 235? விரிதாளில் 600 மனு எண்களையும் வரிசையாகப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் `=RAND()` கொடுத்து, அந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி உறையவைத்த பிறகு வரிசைப்படுத்தி, முதல் 235ஐ எடுங்கள். உறையவைக்க மறந்தால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறும், எந்த 235 என்பதை மறுபடி காட்டவே முடியாது. `=RANDBETWEEN(1,600)` வேண்டாம், ஒரே எண் இருமுறை வரும்.

இப்போது முக்கியமான பொறி. அந்த 235 மனுக்களுக்கும் services.ecourts.gov.in தளத்தில் ஆணை தேடுகிறீர்கள். 141க்குத்தான் கிடைக்கிறது, 94க்கு ஆணை பதிவேற்றப்படவில்லை. 141இல் 96 அனுமதி. உடனே "68 சதவீத மனுக்கள் அனுமதிக்கப்பட்டன" என்று எழுதிவிடுவார்கள். இது "பதிவேற்றப்பட்ட ஆணைகளில் 68 சதவீதம்" மட்டுமே. கிடைக்காத 94உம் தள்ளுபடியாக இருந்தால் விடை 96/235, அதாவது 41 சதவீதம். 94உம் அனுமதியாக இருந்தால் 190/235, அதாவது 81 சதவீதம். இந்த 235 மனுக்களில் உண்மையான விகிதம் 41க்கும் 81க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இந்த இடைவெளியை நீங்களே ஆய்வேட்டில் எழுதியிருந்தால் தேர்வாளர் அதைப் பாராட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவார். அவர் கண்டுபிடித்தால் முடிவுரை முழுவதும் ஆட்டம் காணும்.

ஆணைகளை நீங்கள் மட்டுமே படித்து வகைப்படுத்தியிருந்தால் "வேறொருவர் படித்தால் இதே வகையில் போடுவாரா?" என்ற கேள்வி வரும். 30 ஆணைகளை உங்கள் குறிப்பு இல்லாமல் ஒரு வகுப்புத் தோழரிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லுங்கள். எத்தனையில் ஒத்துப்போனீர்கள், ஒத்துப்போகாதவற்றில் ஏன் பிசகியது என்பதைப் பின்னிணைப்பில் சேருங்கள். "காரணம் எழுதினார்" என்பதன் வரையறை தெளிவாக இல்லாததுதான் பெரும்பாலும் சிக்கலாக இருக்கும். "இரு தரப்பையும் கேட்டு, ஆவணங்களைப் பரிசீலித்து" என்ற அச்சடித்த வரி காரணமா, இல்லையா? முதலிலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

5. "தீர்ப்பால் மாற்றம் வந்தது" என்று சொல்வதற்கு முன்

2024 மார்ச்சுக்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம் என்று ஒப்பிட்டு, "உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு காரணம் எழுதுவது கூடியது" என்று முடிப்பது இந்தத் தலைப்பில் எல்லாருக்கும் தோன்றும் யோசனை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை எடுத்திருந்தால் இது வலுவற்றது. இங்கே உயர் நீதிமன்றம் 2019லேயே காரணம் எழுதச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க 2024ஐ மட்டும் கோடாகப் போட்டது ஏன் என்று கேட்பார்கள். போதாததற்கு 2024 ஜூலை 1இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் வந்தது. அதே காலத்தில் நடுவர் மாறியிருக்கலாம். ஒரே நடுவரின் ஆணைகள் பாதிக்கு மேல் இருந்தால், நீங்கள் அளந்தது தீர்ப்பின் விளைவையா அந்த நடுவரின் பழக்கத்தையா?

எனவே "தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தில் இந்த விகிதம் கூடுதலாகக் காணப்படுகிறது" என்று மட்டும் எழுதுங்கள். "தீர்ப்பின் காரணமாக" என்று எழுத உங்களிடம் தரவு இல்லை.

6. அனுமதி, ஆவணம், செலவு, நாள்

மனுப் பதிவேட்டைப் பார்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும். துறைத்தலைவரின் கடிதம், மாணவர் சான்று, ஆய்வுச் சுருக்கம், எந்தப் பதிவேடு எந்தக் காலம் என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை இணைத்து எழுத்தில் கேளுங்கள். நடுவர்களைப் பேட்டி காண நினைத்தால் உயர் நீதிமன்றப் பதிவாளர் வழியாகப் போக வேண்டியிருக்கும். இதைத் தலைப்பு முடிவான வாரமே அனுப்பிவிடுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். வரவில்லை என்றால் இரண்டாவது கேள்வியைச் சுருக்குங்கள். பதிவேடு இல்லாமல் "எத்தனை மனு போட்டார்கள்" என்று சொல்லவே முடியாது, "இணையத்தில் கிடைத்த ஆணைகளில்" என்று மட்டும் சொல்லலாம். அதற்கேற்பத் தலைப்பையும் மாற்றிவிடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு ஆணை நகல்களை வாங்கிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். நீதிமன்ற ஆவணங்களின் நகலை உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று 2020இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு திரும்பி வருவதற்குள் ஒரு மாதம் போயிருக்கும்.

வழக்கறிஞர்களிடம் பேட்டி எடுத்திருந்தால் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்களும், கேள்வித்தாளின் இறுதி வடிவமும், உங்கள் நிறுவனத்தில் நெறிமுறைக் குழு இருந்தால் அதன் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும். டாக்ட்ரினல் பகுதிக்கு இவை தேவையில்லை.

தளத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் கட்டணமில்லை. உண்மையான செலவு நேரம்தான். ஓர் ஆணையைத் தேடி, படித்து, பதிய 12 நிமிடம் என்றால் 235க்கு 47 மணி நேரம். தினம் மூன்று மணி உட்கார்ந்தாலும் பதினாறு நாள். அச்சுச் செலவில் ஒரு எச்சரிக்கை: கெட்டி அட்டை போடுவதற்கு முன் சுருள் கட்டில் ஒரு பிரதியை நெறியாளரிடம் கொடுத்து அட்டவணைகளைச் சரிபார்த்துவிடுங்கள். 120 பக்கம், 4 பிரதி என்றால் 480 பக்கம், ஒரு எண் தவறினால் மறுபடி 480.

கருத்துத் திருட்டுச் சோதனையில் அதிகம் சிக்குவது ஆய்வுமுறைப் பகுதி. வரையறைகளைச் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுப்பதால்தான் இப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையின்படி 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். உரிய மேற்கோளுடன் தந்த பகுதிகள் கணக்கில் வராது.

7. அறைக்குள்

கையில் ஆய்வேட்டுடன் மூன்று தாள்கள் போதும்: கேள்வியும் ஆதாரமும் நேருக்கு நேர் எழுதிய தாள், 235 எப்படி வந்தது என்ற தாள், வகைப்பாட்டு அட்டவணையின் வெற்றுப் படிவம். மடிக்கணினியில் மூலத் தரவுக் கோப்பு திறந்தபடி இருக்கட்டும்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"ஏன்மா, டாக்ட்ரினல் மட்டும் பண்ணியிருந்தா போதாதா? உச்ச நீதிமன்றம்தான் தீர்த்து வச்சிடுச்சே."

"சார், 'உத்தரவிடலாம்' என்பதன் பொருள் தீர்ந்துடுச்சு. காரணம் எழுதணும்னு சொன்னது கீழ் நீதிமன்ற ஆணைகள்ல வந்திருக்கான்னு தீர்ப்பைப் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது. அதுக்காகத்தான் ஆணைகளை எண்ணினேன்."

"சரி, எண்ணிட்டீங்க. பாதிப் பேர் காரணம் எழுதலைன்னா, சட்டத்தைத் திருத்தணுமா?"

"இந்த எண் அதைச் சொல்லாது சார். எழுதலைங்கிறதை மட்டும்தான் காட்டுது, ஏன் எழுதலைன்னு காட்டலை. அதனால பரிந்துரையில சட்டத் திருத்தம் கேட்கலை. ஆணையில அந்தந்தக் காரணிக்கு ஒரு வரி எழுத இடம் விட்ட மாதிரிப் படிவம்தான் கேட்டிருக்கேன். பக்கம் 104, சார்."

பக்க எண்ணோடு பதில் சொல்லப் பழகுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் "எந்த ஆய்வுக் கேள்வியைப் பத்திக் கேட்கிறீங்க சார், முதலாவதா இரண்டாவதா?" என்று கேட்கலாம், அதில் தவறில்லை. அவர் இரண்டையும் கலந்து கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிரித்துப் பதில் சொல்லுங்கள். திருத்தம் சொன்னால் தேர்வாளர் முன்னாலேயே பக்க எண்ணுடன் குறித்துக்கொண்டு, எத்தனை நாளில், யாரிடம் தர வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.